பார்லர் திறப்பு விழாவுக்குப் போட்ட கணக்கு

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில், வேடசந்தூரில் அழகு நிலையம் நடத்தும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை "உன் வெற்றிக் கதையைச் சொல்லு"ன்னு கூப்பிட்டாங்க. வெற்றின்னு சொல்ல இன்னும் காலம் இருக்கு, கடன் பாக்கி இருக்கு. அதனால நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிட்டுப் போறேன். கடையைத் திறந்த அந்த ஒரு நாளும், அதுக்கு அடுத்த ஆறு நாளும். அந்த ஏழு நாளுக்கு நான் போட்ட வரவு செலவும், வச்ச சலுகையும். இதுல சரியாப் பண்ணது என்ன, தப்பாப் பண்ணது என்னன்னு சொல்றேன். இங்க டெய்லரிங் கடை, டிபன் கடை போடப் போறவங்களும் இருக்கீங்க. உங்களுக்கும் இதுல ஏதாவது ஒட்டும்.

எங்க குழுவில் பன்னிரண்டு பேர். எனக்குக் குழு மூலமா 2 லட்சம் ரூபாய் கடன் கிடைச்சது. நான் கட்டலைன்னா மத்த பதினொரு பேர் தலையில விழும். இதை நான் ஒரு நாளும் மறந்தது இல்லை. இதோட என் சேமிப்பையும் சேர்த்து கடைக்கு அட்வான்ஸ் கொடுத்து, நாற்காலி, கண்ணாடி, ஃபேஷியல் கட்டில், ஸ்டீமர், வயரிங், கிரீம் சாமான் எல்லாம் வாங்கி முடிச்சப்போ கையில் மிச்சம் இருந்தது 35,000 ரூபாய். கடை தயாரானது ஆடி மாசம். ஆடியில் யாரும் புதுக் கடை திறக்க மாட்டோம். ஆவணி வளர்பிறை முகூர்த்தத்துக்குக் காத்திருந்தோம். வாடகையை ஆவணியிலிருந்து வாங்கிக்கச் சொல்லி, கட்டட உரிமையாளர்கிட்ட முதலிலேயே பேசி எழுதி வாங்கினது நல்லதாப் போச்சு.

அந்தக் காத்திருந்த நாளில்தான் வீட்டில் பேச்சு ஆரம்பிச்சது. என் வீட்டுக்காரரும், கொழுந்தனாரும், மாமாவும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டாங்க. சாமியானாவும் நாற்காலியும் 4,000. மைக் செட் 2,500. ரோடு நெடுக பிளக்ஸ் 3,000. நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு 12,000. பத்திரிகை அடிக்க 2,000. ஐயர், ஹோமம், பூ எல்லாம் 3,000. வந்தவங்களுக்கு எவர்சில்வர் கிண்ணம் 4,500. கூட்டிப் பார்த்தா 31,000. கையில் இருக்கிற 35,000ல் 4,000 மிஞ்சும். "ஊர் மெச்சத் திறந்தாத்தான் கடை ஓடும்"னு மாமா சொன்னார். அவர் சொன்னதில் தப்பு எண்ணம் எதுவும் இல்லை. மருமக கடை, மதிப்பா இருக்கணும்னு ஆசை.

எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு பயம். என்னோட பயிற்சி எடுத்த ஒருத்தி எனக்கு முன்னாடியே வேற ஊரில் பார்லர் திறந்தா. திறப்பு விழாவுக்குப் பந்தி போட்டா. அன்னைக்கு எல்லாத்துக்கும் பாதி விலைன்னு நோட்டீஸ் அடிச்சா. நாற்பது பேருக்கு மேல வந்தாங்க. ஒரு நாற்காலி, ஒரே ஆள். பாதிப் பேர் ரெண்டு மணி நேரம் காத்திருந்துட்டு முணுமுணுத்துட்டே போயிட்டாங்க. உள்ளே போனவங்களுக்கும் அவசர வேலை. ஒருத்தருக்குப் புருவம் ஏத்த இறக்கமாப் போச்சு. அடுத்த வாரம் கடை வெறிச்சோன்னு ஆயிடுச்சு. வாடகை கொடுக்கப் பணம் இல்லாம நாலு மாசத்தில் மூடிட்டா. வேலை தெரியாதவ இல்லை, என்னைவிட நல்ல கை. அவளைத் தோற்கடிச்சது அந்த முதல் நாள்தான்.

அதனால நான் பட்டியலைத் தலைகீழாப் போட்டேன். விழாவுக்கு என்ன ஆகும்னு முதலில் கேட்கலை. எதைத் தொடவே கூடாதுன்னு முதலில் எடுத்து வச்சேன். ரெண்டு மாச வாடகை 9,000. ஒரு மாசத் தவணை 9,400. இந்த 18,400 ரூபாயை அன்னைக்கே எங்க குழுப் பொருளாளர் அக்காகிட்ட கொடுத்து, "நான் கேட்டாலும் ஆவணி முடியற வரைக்கும் தராதீங்க"ன்னு சொன்னேன். மிச்சம் 16,600. கரண்ட் பில்லுக்கும் தீர்ந்துபோற சாமான் வாங்கவும் 4,600 ஒதுக்கினேன். ஆக விழாவுக்கும் முதல் வாரத்துக்கும் சேர்த்து 12,000. அதுக்கு மேல ஒரு ரூபாய் கிடையாது.

வீட்டில் கொஞ்சம் முகம் சுளிச்சாங்க. கடைசியில் என் மாமியார்தான், "கடன்காரங்க வீட்டில் பந்தி எதுக்கு? காபித் தண்ணி கொடுத்தாப் போதும்"னு சொன்னாங்க. அதோட பேச்சு முடிஞ்சது.

அந்த 12,000 எப்படிப் போச்சுன்னு சொல்றேன். கணபதி பூஜை, வாழைமரம், மாலை, பூசணிக்காய் எல்லாம் சேர்த்து 1,800. அறுபது பேருக்கு ஒரு இனிப்பு, ஒரு காரம், காபி, ஆளுக்கு 30 ரூபாய்னு 1,800. கடை முகப்பில் கட்ட ரெண்டு பிளக்ஸ் 960. ரோட்டோரம் பிளக்ஸ் கட்ட உள்ளாட்சியில் அனுமதி வாங்கணும், அதனால கடை முகப்போட நிறுத்திட்டேன். ஆயிரம் நோட்டீஸ் 1,200. நம்பர் போட்ட அட்டை 500. சின்னப் பந்தலும் நாற்காலியும் 1,000. தாம்பூலத்துக்கு 240. சலுகைக்குக் கூடுதலா வாங்கின சாமான் 1,500. எதிர்பாராத செலவுக்கு 600. மிச்சம் 2,400 இருக்கு பாருங்க, அதுதான் இந்தக் கணக்கிலேயே பெரிய செலவு. அது எதுக்கு? என்னோட பயிற்சி எடுத்த இன்னொரு பொண்ணை நாலு நாளைக்கு, ஒரு நாளைக்கு 600 ரூபாய்னு உதவிக்கு வச்சேன்.

இதைக் கொஞ்சம் நின்னு சொல்லணும். பந்தியில் போக வேண்டிய பணத்தை நான் ஒரு ஜோடிக் கையில் போட்டேன். திறப்பு விழாவுக்கு வர்றவங்க சாப்பிட்டு ஒரு வாரத்தில் மறந்துடுவாங்க. ஆனா புருவம் நல்லா வந்துச்சா இல்லையான்னு மூணு வாரமும் கண்ணாடியில் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. கூட்டம் வர்ற நாளில் ரெண்டாவது ஆள் இல்லைன்னா, நான் அவசரப்படுவேன். அவசரப்பட்டா நூல் தோலைக் கிழிக்கும். அந்த 2,400 ரூபாய், அவசரப்படாம இருக்க நான் கொடுத்த விலை.

பத்திரிகை அடிக்கலை. நானும் மாமியாரும் குங்குமச்சிமிழ் எடுத்துட்டு வீடு வீடாப் போய் வெற்றிலை பாக்கு வச்சு அழைச்சோம். அதுக்குத்தான் அந்த 240.

இப்போ சலுகை விஷயத்துக்கு வர்றேன். என் கணக்கில் முக்கியமான பகுதி இதுதான்.

சலுகை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நோட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு செலவு எழுதினேன். ஒண்ணு சாமான் செலவு. இன்னொண்ணு நேரம். நம்மள்ல பல பேர் சாமான் செலவை மட்டும் எழுதுவோம், நேரத்தை எழுத மாட்டோம். பார்லரில் விக்கிறதே நேரம்தான். ஒரு நாற்காலியில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் உட்கார முடியும்.

புருவம் எடுக்க 50 ரூபாய். நூல், பவுடர், பஞ்சு, எடுத்த பிறகு தடவுற ஜெல் எல்லாம் சேர்த்து 5 ரூபாய்க்குள்ள முடியும். ஆள் வந்து உட்கார்ந்து எழுந்திருக்கிற வரைக்கும் 12 நிமிஷம். ஃபேஷியல் 600 ரூபாய். சாமான் மட்டும் 140 ரூபாய். நேரம் ஒரு மணி. இப்போ ஃபேஷியலை முதல் வாரத்தில் பாதி விலைக்கு, 300க்குக் கொடுக்கிறேன்னு வைங்க. சாமான் போக 160 நிக்கும். அதே ஒரு மணி நேரத்தில் ஐந்து பேருக்குப் புருவம் எடுத்தா 250 வரும், சாமான் போக 225 நிக்கும். அப்போ புருவத்துக்கு வெளியே அஞ்சு பேர் காத்துக்கிட்டு இருக்கும்போது நான் பாதி விலை ஃபேஷியல் பண்ணா, எனக்கு 65 ரூபாய் நஷ்டம். காத்திருந்தவங்க கோபம் தனி. ஆனா மத்தியானம் 12 மணிக்குக் கடையில் ஈ ஆடுற நேரத்தில் அதே ஃபேஷியல் பண்ணா? நாற்காலி சும்மா இருந்திருக்கும், அதுக்குப் பதிலா 160 கையில் வருது. வேலை ஒண்ணு, விலையும் ஒண்ணு. கூட்ட நேரத்தில் அது நஷ்டம், காலி நேரத்தில் வரவு. இதைக் கண்டுபிடிச்ச அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு.

அப்புறம் எந்த நாள், எந்த நேரம் காலியா இருக்கும்னு பார்த்தேன். எங்க ஊரைச் சுத்தி நூல் மில்லுங்க. நம்ம பொண்ணுங்க ஷிப்ட் வேலைக்குப் போறாங்க. காலை ஷிப்ட் முடிச்சு வர்றவங்க மத்தியானத்துக்கு மேல வருவாங்க. மத்தியான ஷிப்ட் போறவங்களுக்குக் காலையில்தான் நேரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வருவாங்க. செவ்வாயும் வெள்ளியும் நம்ம பக்கம் முடி, நகம் வெட்ட மாட்டாங்க. புருவம் எடுக்கவும் நிறையப் பேர் யோசிப்பாங்க. அந்த ரெண்டு நாளில் புருவத்துக்குச் சலுகை வச்சா, "இந்தப் பொண்ணுக்கு நல்ல நாள் கெட்ட நாள் தெரியலையே"ன்னு பேச்சு வரும். பேச்சு வராட்டாலும் ஆள் வராது.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காதுன்னு, வளர்பிறைப் புதன்கிழமையில் திறந்தோம். புதனில் ஆரம்பிச்சு செவ்வாயில் முடியற ஏழு நாளுக்கு மூணே மூணு சலுகை வச்சேன்.

முதல் சலுகை, புருவம். அதை இலவசமாக் கொடுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் கொடுக்கலை. முதல் தடவை இலவசம்னா, ரெண்டாவது தடவை 50 ரூபாய் கேட்கும்போது விலை ஏத்திட்ட மாதிரி இருக்கும். அதுவும் இல்லாம இலவசத்துக்குன்னே வர்றவங்க ரெண்டாவது தடவை வர மாட்டாங்க. அதனால முதல் தடவை முழு 50 ரூபாய். வெளியே போகும்போது கையில் ஒரு அட்டை. அடுத்த தடவை அந்த அட்டையோட வந்தா 20 ரூபாய் குறைவு. 25 நாளுக்குள்ள வரணும். ஏன் 25 நாள்? எடுத்த புருவம் திரும்ப வளர்ந்து கண்ணுக்குத் தெரியறதுக்கு ஏறக்குறைய மூணு வாரம் ஆகும். அவங்களுக்கே எடுக்கணும்னு தோணுற நேரத்தில் அட்டையும் முடியப் போகுதுன்னா, வேற கடைக்குப் போக மாட்டாங்க. மூணு மாசம்னு தேதி போட்டா அட்டை பீரோவிலேயே கிடக்கும். ஒவ்வொரு அட்டையிலும் நம்பரும், கடைசித் தேதியும் பேனாவில் எழுதிக் கொடுத்தேன்.

ரெண்டாவது சலுகை, ஃபேஷியலும் புருவமும் சேர்த்து 650க்குப் பதில் 499. ஆனா திங்கள் முதல் சனி வரைக்கும் காலை 11லிருந்து மத்தியானம் 3 வரை மட்டும். முன்கூட்டியே சொல்லிட்டு வரணும். ஒரு நாளைக்கு மூணு பேருக்கு மேல இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிடையாது. சாமான் 145 போனா 354 நிக்கும், எல்லாம் காலி நேரம்.

மூணாவது, வெள்ளியும் செவ்வாயும் மருதாணி. ஒரு கைக்கு 50 ரூபாய். நானே கோன் சுத்திக்கிட்டதால ஒரு கைக்குச் சாமான் 8 ரூபாய்தான் ஆச்சு. முடி, நகம் பக்கமே போகாத வேலை. அம்மாவோட சின்னப் பிள்ளைங்களும் வந்தாங்க. கடை எந்தத் தெருன்னு அந்தப் பிள்ளைங்களே பள்ளிக்கூடம் பூராவும் சொல்லிட்டாங்க.

எதுக்குச் சலுகை வைக்கலைன்னும் சொல்லணும். முடிக்குச் சாயம் பூசுறது, ஸ்ட்ரெய்ட்னிங், பிளீச் மூணும் முதல் வாரத்தில் கிடையாதுன்னு முடிவு பண்ணேன். சாயம் சில பேருக்கு ஒத்துக்காது. முகம் வீங்கிடும், அரிப்பு வரும். அதனால முன்னாடியே காதுக்குப் பின்னாடியோ முழங்கை உள்பக்கமோ கொஞ்சமாத் தடவி, 48 மணி நேரம் பார்த்துட்டுத்தான் பண்ணணும். கூட்டத்தில் நிக்கிறவங்களை "ரெண்டு நாள் கழிச்சு வாங்க"ன்னு சொல்ல வாய் வராது. அதனால சலுகைப் பட்டியலிலேயே சேர்க்கலை.

முடிவு பண்ணதைக் கடைசி வரைக்கும் கடைப்பிடிச்சேனான்னு கேட்டா, இல்லை. அதையும் சொல்றேன்.

திறப்பு நாள் எப்படிப் போச்சுன்னு முதலில் சொல்லிடறேன். விடிகாலை பூஜை. எங்க குழுத் தலைவி அக்கா குத்துவிளக்கு ஏத்தினாங்க. அவங்கதான் போணி. புருவம் எடுத்து முடிச்சதும் நான் காசு வேண்டாம்னு கையைப் பின்னாடி கட்டிக்கிட்டேன். அக்கா விடலை. ஒரு 50 ரூபாய் நோட்டை சாமி படத்துக்கு முன்னாடி வச்சு, "முதல் காசே ஓசின்னா கடைசி வரைக்கும் ஓசிதான் வரும்"னு சொன்னாங்க. அதுக்கு அப்புறம் உட்கார்ந்த சொந்தக்காரங்க யாரும் ஓசி கேட்கலை. தலைவியே காசு கொடுத்துட்டாங்களே. அன்னைக்கு எனக்குக் கிடைச்ச பெரிய மொய் அதுதான்.

அறுபது பேருக்குச் சொன்னேன், எழுபத்து நாலு பேர் வந்தாங்க. கூடுதலா வந்த பதினாலு பேருக்கு 420 ரூபாய். எதிர்பாராத செலவுன்னு வச்ச 600ல் அது போயிடுச்சு. நமக்கு வர்ற கூட்டம் எப்பவும் சொன்னதைவிடக் கூடத்தான் வரும், அந்த இடத்தில் ஒரு தொகை இருக்கணும். மத்தியானம் ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. ஸ்டீமர் ஓடாது. ஆனா அன்னைக்கு நான் ஃபேஷியல் யாருக்கும் நேரம் கொடுக்கலை, புருவம் மட்டும்தான். ஜன்னல் பக்கம் நாற்காலியைத் தள்ளிப் போட்டு வேலையை நடத்திட்டோம். திறப்பு நாளில் கரண்ட் வேண்டாத வேலையா வச்சுக்கங்க, ஒரு கவலை குறையும்.

வந்தவங்க எல்லாரையும் வரிசையில் நிக்க வைக்கலை. நோட்டில் பேரும் நேரமும் எழுதி, "அக்கா, உங்களுக்கு நாலரை மணி. வீட்டுக்குப் போயிட்டு வாங்க"ன்னு சொன்னோம். ஒரு ஆள் ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு புருவம் எடுத்தா, அதுக்கு மேல கை நடுங்கும், கண்ணு பூத்துப் போகும். எங்க ரெண்டு பேருக்கும் அந்த எல்லை வச்சுக்கிட்டோம். மிச்சப் பேருக்கு வியாழன், சனின்னு நேரம் கொடுத்தோம். அப்படி எழுதிக்கிட்டுப் போனவங்கள்ல அநேகம் பேர் திரும்ப வந்தாங்க. நூலை வாயில் கடிக்காம கழுத்தில் மாட்டி எடுத்தோம். ஒவ்வொருத்தருக்கும் அவங்க கண் முன்னாடியே புது நூல் வெட்டினோம். அதைப் பார்த்துட்டே நாலு பேர், "இங்கேயே வர்றேன்"னு சொன்னாங்க.

இப்போ என் தப்பு. சனிக்கிழமை சாயங்காலம். எங்க தெருவில் இருக்கிற ஒரு பொண்ணு, மறுநாள் ஒரு விசேஷத்துக்குப் போகணும்னு வந்தா. புருவமும் மேலுதடும் எடுத்தேன். உடனே "அக்கா, பிளீச்சும் போட்டு விடுங்க"ன்னு கேட்டா. "இந்த வாரம் இல்லைம்மா"ன்னு சொன்னேன். கூட வந்த அவங்க அம்மா, "நமக்குள்ள என்ன, போட்டு விடு"ன்னாங்க. கூட்டம் வேற. எனக்கு முகத்தை முறிச்சுப் பேச வரலை. போட்டேன். நூல் வச்சு முடி எடுத்த தோல் அப்போதான் பச்சையா இருக்கும். அது மேல பிளீச் பட்டா எரியும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பண்ணேன். மூணு நிமிஷத்தில் எரியுதுன்னு சொன்னா. உடனே துடைச்சு, பச்சைத் தண்ணியில் கழுவிக்கிட்டே இருந்தேன். மேலுதடும் புருவத்துக்குக் கீழயும் சிவந்து தடிச்சுப் போச்சு.

அன்னைக்கு ராத்திரியே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் கொடுத்த மருந்தில் ரெண்டு நாளில் சரியாச்சு. வாங்கின காசைத் திருப்பிக் கொடுத்தேன். ரெண்டு நாளும் காலையில் அவங்க வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்துட்டு வந்தேன். ஆனா அந்தப் பொண்ணு விசேஷத்துக்குப் போகலை. அதை என்னால திருப்பிக் கொடுக்க முடியலை. திங்கள்கிழமை ஒரு சின்ன போர்டு எழுதி மாட்டினேன்: "புருவம் எடுத்த அன்றே பிளீச் போடுவதில்லை. பிளீச், சாயம் இரண்டுக்கும் முன்னாடியே வந்து சோதித்துக்கொள்ள வேண்டும்." வாயால சொல்ல முடியாததை போர்டு சொல்லும். சொந்தக்காரங்ககிட்ட நம்மால இல்லைன்னு சொல்ல முடியாது. அதனால திறக்கிற அன்னைக்கே அந்த போர்டு மாட்டியிருக்கணும். இப்போ அந்தப் பொண்ணு என்கிட்டதான் வர்றா, அது அவங்க பெரிய மனசு.

ஞாயிற்றுக்கிழமை எந்தச் சலுகையும் இல்லாமலே கடை நிறைஞ்சது. நான் எதிர்பார்த்த மாதிரி மில் பொண்ணுங்க கூட்டமா வந்தாங்க. இதுல நோட்டீஸ் விஷயம் ஒண்ணு. ஆயிரம் நோட்டீஸையும் மூணு பங்காப் பிரிச்சு, மூலையில் பேனாவால 'ம', 'ப', 'க'ன்னு குறி போட்டேன். மில் பஸ் நிக்கிற இடத்தில் கொடுத்தது 'ம', பள்ளிக்கூட வாசல் 'ப', கடைத்தெரு 'க'. நோட்டீஸோட வந்தவங்களை எண்ணிப் பார்த்தா பாதிக்கு மேல 'ம'. அங்க கொடுத்தது 250 தான். கடைத்தெருவில் கொடுத்த 500ல் வந்தவங்க விரல் விட்டு எண்ணலாம். அடுத்த தடவை மில் பக்கம் மட்டும்தான் அடிப்பேன், அதுவும் சம்பள நாளுக்கு முந்தின நாள்.

செவ்வாய் ராத்திரி நோட்டை விரிச்சு உட்கார்ந்தோம். புருவம் மட்டும் எடுத்தவங்க 88 பேர், 4,400 ரூபாய். 499 சலுகையில் வந்தவங்க 9 பேர், 4,491. மருதாணி 22 கை, 1,100. முடி திருத்தினது 11 பேர், 1,650. மொத்தம் 11,641. இதுல சாமான் செலவு ஏறக்குறைய 2,000. விழாவுக்குப் போட்ட 12,000 ஒரே வாரத்தில் முழுசா வந்துடலை. வரும்னு நான் நினைக்கவும் இல்லை. ஆனா நம்ம பொருளாளர் அக்காகிட்ட கொடுத்து வச்ச 18,400 அப்படியே இருந்துச்சு.

சலுகை பலிச்சதா இல்லையான்னு முதல் வாரக் கூட்டத்தை வச்சுச் சொல்ல முடியாது. அதுக்கு 25 நாள் பொறுக்கணும். கொடுத்த அட்டை 97. அட்டையோட திரும்ப வந்தவங்க 41. ஆளுக்கு 20 ரூபாய் குறைச்சதில் எனக்கு ஆன செலவு 820 ரூபாய். அந்த 97 பேருக்கும் முதல் நாளே இலவசமாக் கொடுத்திருந்தா 4,850 ரூபாய் போயிருக்கும், யார் திரும்ப வந்தாங்கன்னும் தெரிஞ்சிருக்காது. ஒண்ணு மட்டும் இந்தக் கணக்கில் தெரியலை. வராத 56 பேர் ஏன் வரலைன்னு நான் கேட்கலை. நோட்டில் பேரோட போன் நம்பரும் எழுதி வாங்கியிருந்தா கேட்டிருக்கலாம். அதை அப்புறம்தான் ஆரம்பிச்சேன்.

499 சலுகையில் நான் நினைச்ச அளவு ஆள் வரலை. ஒரு நாளைக்கு மூணுன்னா, அந்தச் சலுகை இருந்த ஆறு நாளில் பதினெட்டு வந்திருக்கணும். திறப்பு நாளில் யாருக்கும் கொடுக்கலை, மிச்ச அஞ்சு நாளில் வந்தது ஒன்பது. ஏன்னு யோசிச்சேன். புதுக் கடைக்கு வந்து, முதல் தடவையே முகத்தை ஒரு மணி நேரம் ஒப்படைக்க யாருக்கும் தைரியம் வராது. புருவத்தைக் கொடுத்துப் பார்ப்பாங்க. அது பிடிச்சா அடுத்த தடவை ஃபேஷியல் கேட்பாங்க. அப்படித்தான் நடந்துச்சு. திரும்ப வந்த 41 பேரில் பதிமூணு பேர் ரெண்டாவது தடவை ஃபேஷியல் பண்ணிக்கிட்டாங்க, அதுவும் முழு விலையில். அதனால இப்போ யாராவது புதுசா பார்லர் திறக்கிறேன்னு வந்து கேட்டா, ஃபேஷியல் சலுகையை முதல் வாரத்தில் வைக்காதே, நாலாவது வாரத்தில் வைன்னு சொல்றேன்.

போன வாரம் பக்கத்து ஊராட்சிக் குழுவில் ஒரு தங்கச்சி வந்தா. தை மாசம் கடை திறக்கிறாளாம். அவ கையில் வீட்டுக்காரங்க போட்ட பட்டியல் இருந்துச்சு. முதல் வரியே சாமியானா. அதை அப்படியே மடிச்சு வச்சுட்டு, ஒரு வெள்ளைத் தாளில் முதல் வரியா அவ கடைக்கான ரெண்டு மாச வாடகையை எழுதிக் கொடுத்தேன். ரெண்டாவது வரி தவணை. மூணாவது வரியிலிருந்து அவளே எழுதிக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்.

அவ கடை திறக்கிற அன்னைக்கு, நாலு நாளைக்கு உதவிக்குப் போறதா ஒத்துக்கிட்டிருக்கேன். அன்னைக்கு என் கடையை என் உதவிப் பொண்ணு பார்த்துக்குவா. கூலி 600 ரூபாய் வாங்கிக்குவேன், அதையும் அவ பட்டியலில் எழுதிட்டேன்.